ஃபைல் திறந்ததா, ஐயா?

"வீட்டிலிருந்தபடி புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்கிறேன். ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவரின் கட்டுரைத் தொகுப்பு, 208 பக்கம். 6ஆம் தேதி செவ்வாய்க்கிழமை முழுப் புத்தகத்தையும் பிடிஎஃப்பாக மெயிலில் அனுப்பி, 'பார்த்துவிட்டுத் திருத்தங்களைச் சொல்லுங்கள்' என்று எழுதினேன். இன்று 14. ஒரு வரி பதில் இல்லை. 26ஆம் தேதி அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். மறுபடி மெயில் எழுத உட்கார்ந்தால் எப்படி எழுதினாலும் அவரைக் குறை சொல்வது போலவே வருகிறது. வயதில் பெரியவர். எப்படி எழுதுவது?"

இன்றைக்கே எழுதலாம். ஆனால் எழுதுவதற்கு முன்னால் ஒரு பத்து நிமிடம் உங்கள் பக்கத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன், அதனால் முதலில் சொல்கிறேன்.

ஒரு பதிப்பகத்தில் பல ஆண்டுகளாக மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்ப்பதற்கான பக்கங்கள், அனுப்புவதும் வாங்குவதும்தான் என் வேலை. ஒருமுறை படங்கள் நிறைந்த ஒரு புத்தகத்தின் பிடிஎஃப் மிகவும் பெரிதாகிவிட்டது. ஜிமெயிலில் 25 எம்பி வரைதான் இணைக்க முடியும் என்பதால் கூகுள் டிரைவில் ஏற்றி, இணைப்பை மட்டும் நகலெடுத்து ஆசிரியருக்கு அனுப்பினேன். எட்டு நாள் சத்தமே இல்லை. "ஐயா, மெய்ப்பை இன்னும் பார்க்கவில்லை போலிருக்கிறது" என்று ஒரு மெயில் தட்டினேன். மறுநாள் ஒரே வரியில் பதில் வந்தது: "வீட்டைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்கிறீர்களே." அந்த ஃபைலைத் திறக்கும் அனுமதியை நான் அவருக்குக் கொடுக்கவே இல்லை. அவர் முதல் நாளே அனுமதி கேட்டுப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். அந்தக் கோரிக்கை, நான் டிரைவுக்குப் பயன்படுத்திய இன்னொரு முகவரிக்கு வந்து, திறக்கப்படாமல் கிடந்தது. பதில் சொல்லாமல் இருந்தது அவரல்ல, நான்.

ஆகவே முதலில் அனுப்பிய மெயில்களில் அந்த 6ஆம் தேதி மெயிலைத் திறந்து பாருங்கள். முகவரியில் ஓர் எழுத்துப் பிசகியிருக்கிறதா, இணைப்பு உண்மையிலேயே ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். டிரைவ் இணைப்பாக இருந்தால், உங்கள் கணக்கில் நுழையாத ஒரு பிரௌசர் ஜன்னலில் அதைத் திறந்து பாருங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் அது எப்போதும் திறக்கும், அதனால் அங்கே பார்ப்பதில் பயனில்லை. அப்புறம் `Mail Delivery Subsystem` என்ற பெயரில் ஏதாவது வந்திருக்கிறதா என்று தேடுங்கள். முகவரி தவறென்றால் அது பெரும்பாலும் உடனே திரும்பிவரும். அந்தப் பக்கத்து சர்வர் கோளாறென்றால், அனுப்பும் சர்வர் சில நாட்கள் திரும்பத் திரும்ப முயன்ற பிறகுதான் கைவிடும். எனவே ஏழெட்டு நாளில் அப்படி எதுவும் வரவில்லை என்றால் மெயில் அவர் பெட்டிக்குப் போய்விட்டது என்றுதான் பெரும்பாலும் கொள்ளலாம். ஸ்பாமில் விழுந்ததா என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாது. அதே சமயம் உங்கள் ஸ்பாமையும் பாருங்கள், தேடும் இடத்தில் `in:spam` என்று தட்டினால் போதும். அவர் பதில் போட்டு, அது அங்கே கிடக்கிறது என்றால் இந்தக் கேள்வியே இல்லை.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது நீங்கள் எழுதிய வாக்கியத்தை அவர் இடத்திலிருந்து படித்துப் பாருங்கள். "பார்த்துவிட்டுத் திருத்தங்களைச் சொல்லுங்கள்." 208 பக்கத்தையும் முடித்தால்தான் இதற்குப் பதில் எழுத முடியும். பாதியில் எழுத என்ன இருக்கிறது? நான் பார்த்தவரை மெய்ப்பு விஷயத்தில் ஒரு வார மௌனம் என்பது மறதியால் வருவது குறைவு. ஆசிரியர் படிக்கத் தொடங்கியிருப்பார், எழுபதாம் பக்கத்தில் இருப்பார், முடித்துவிட்டு ஒரேயடியாக எழுதலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். அல்லது செல்போனில் திறந்து பார்த்திருப்பார். பக்கத்தைப் பெரிதாக்கினால் வரி விளிம்பைத் தாண்டி ஓடும், சிறிதாக்கினால் அடிக்குறிப்பு தெரியாது. பேரன் ஊரிலிருந்து வந்ததும் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லலாம் என்று விட்டிருப்பார். அந்தத் தலைமுறையில் பலருக்கும் தாளும் சிவப்புப் பேனாவும் இருந்தால்தான் மெய்ப்பு பார்த்த மாதிரி இருக்கும். இதில் எதையுமே மெயிலில் எழுதிச் சொல்ல வேண்டிய செய்தியாக அவர் நினைக்க மாட்டார். நீங்கள்தான் ஒவ்வொரு நாளும் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இது மனத்தில் படிந்துவிட்டால் மெயிலின் பாதி தொனி தானாகவே மாறிவிடும். மீதிப் பாதி இலக்கணத்தில் இருக்கிறது.

தமிழில் குற்றச்சாட்டு பெரிய சொற்களில் இருப்பதில்லை. எழுவாயிலும், சொல்லின் வாலில் ஒட்டும் ஓரிரு எழுத்திலும் இருக்கிறது. "நீங்கள் பதில் அனுப்பவில்லை" என்பதில் எழுவாய் அவர், வினை அவர் செய்யத் தவறியது. மரியாதையாக எவ்வளவு பூச்சு பூசினாலும் அந்த வாக்கியம் விரலை நீட்டித்தான் நிற்கும். "பதில் வரவில்லை" என்றால் கொஞ்சம் தணிகிறது, ஏனென்றால் வராதது பதில். ஆனாலும் ஒரு குறையைத்தான் சொல்கிறது. சிலர் இதைவிடத் தணிக்கிறேன் என்று "தங்களிடமிருந்து பதில் பெறப்படவில்லை" என்று எழுதுவார்கள். அது தணிவதில்லை, தாலுகா அலுவலகக் கடிதம் ஆகிவிடுகிறது. தமிழில் செயப்பாட்டு வினைக்கு நோட்டீஸ் வாடை உண்டு.

நல்ல வழி, எழுவாயை வேறு பொருளுக்கு மாற்றுவது. ஃபைல், பக்கம், அச்சுக்கான பிளேட், அச்சகம், அல்லது நான். "ஃபைல் செல்போனில் படிக்கச் சிரமமாக இருக்கும்." "அச்சகத்தில் 26ஆம் தேதி பிளேட் போடுகிறார்கள்." "எனக்கு இரண்டு சந்தேகங்கள்." இந்த மூன்றிலும் அவர் எதையும் செய்யத் தவறவில்லை. அவர் எழுவாயாக வருகிற இடம் ஒன்றே ஒன்று இருக்கலாம், அவர் முடிவு சொல்கிற இடம்: "தாளில் பார்ப்பது வசதி என்றால் சொல்லுங்கள்."

வாலில் ஒட்டுபவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவைதான் நமக்குத் தெரியாமலே நுழைகின்றன. "6ஆம் தேதியே அனுப்பியிருந்தேனே" என்பதில் இரண்டு ஏகாரம். முதலாவது, எவ்வளவு நாளாயிற்று தெரியுமா என்கிறது. இரண்டாவது, உங்களுக்குத் தெரியாதா என்கிறது. "6ஆம் தேதி அனுப்பிய ஃபைல்" என்று எழுதினால் அதே தகவல், ஒரு முள்ளும் இல்லை. "ஒரு வரியாவது எழுதினால் நன்றாக இருக்கும்" என்பதில் உள்ள 'ஆவது', அதைக்கூடச் செய்யவில்லை என்று சொல்லிவிடுகிறது. 'இன்னும்', 'ஏற்கெனவே', 'மீண்டும் ஒருமுறை' மூன்றும் இதே குடும்பம்தான். மெயிலை எழுதி முடித்ததும் இந்தச் சொற்களை மட்டும் தேடிப் பாருங்கள். எடுத்துவிட்டால் பொருள் குறைகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் குறையாது.

'தயவுசெய்து' ஒருமுறை வந்தால் வேண்டுகோள், இரண்டாவது முறை வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பது. 'நினைவூட்டல்' என்பதையும் தவிர்த்துவிடலாம். மறந்தவருக்குத்தானே நினைவூட்டுவார்கள்? ஆபீஸ் மெயில்களில் ஓடும் 'ஜென்டில் ரிமைண்டர்' என்ற தொடருக்கும் இதே கதிதான். எதிரில் ஜென்டில் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதிலேயே அதன் குணம் தெரிந்துவிடுகிறது.

பலர் கவனிக்காத இன்னொன்று. முதல் மெயிலில் "நீங்கள்" என்று எழுதியிருந்தால் இதிலும் "நீங்கள்" என்றே எழுதுங்கள். பயத்தில் "தாங்கள்" என்று ஏறிவிடாதீர்கள். மரியாதையைக் கூட்டுகிறோம் என்று உங்களுக்குத் தோன்றும். படிப்பவருக்கு, நேற்றுவரை இயல்பாகப் பேசியவர் இன்றைக்கு முறைத்துக்கொண்டு நிற்கிறார் என்றுதான் படும். வீட்டில் கோபம் வந்தால் மனைவி கணவனை "வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க" என்று கூடுதல் பணிவோடு அழைப்பது போல.

அவருக்காக நீங்களே சாக்குச் சொல்லவும் வேண்டாம். "பல வேலைகளுக்கிடையே மறந்திருப்பீர்கள்" என்பது பெருந்தன்மை போலத் தெரிந்தாலும், மறந்துவிட்டார் என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டு மன்னிப்பும் வழங்குகிறீர்கள். அவர் உண்மையில் எழுபதாம் பக்கத்தில் இருந்தால் அந்த வரி எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கெல்லாம் மேலே, இரண்டாவது மெயிலுக்குத் தனக்கென்று ஒரு காரணம் இருக்க வேண்டும். "முதல் மெயிலுக்குப் பதில் இல்லை" என்பது மட்டும்தான் காரணம் என்றால், எப்படி எழுதினாலும் அது கேட்பதாகத்தான் இருக்கும். பக்க வடிவமைப்பு செய்பவருக்கு இந்தக் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. 208 பக்கம் கொண்ட எந்தக் கட்டுரைத் தொகுப்பிலும் ஆசிரியர் மட்டுமே தீர்த்துவைக்கக்கூடிய சந்தேகம் நான்கைந்தாவது இருக்கும். ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு இடத்தில் இரண்டு ஆண்டு, ஒரே பெயருக்கு இரண்டு எழுத்துக்கூட்டல், குறிப்பில்லாத படம். பிடிஎஃப்பை எடுத்து அரைமணி நேரம் புரட்டுங்கள், உண்மையான சந்தேகம் இரண்டைக் கண்டுபிடியுங்கள். இல்லாததைக் கேட்காதீர்கள், அந்தத் துறையில் ஊறியவர் உடனே கண்டுகொள்வார். இரண்டுக்கு மேலும் வேண்டாம். இவற்றுக்கு "1937 சரி" என்று இரண்டு சொல்லில் பதில் எழுதிவிடலாம். அப்படி எழுதும்போது மெய்ப்பு எந்த அளவில் இருக்கிறது என்பதையும் அவரே சேர்த்து எழுதிவிடுவார். என் அனுபவத்தில் இது அநேகமாகத் தவறியதில்லை.

நீங்கள் அனுப்ப வேண்டியதை நான் எழுதினால் இப்படி எழுதுவேன். பக்க எண்களும் ஆண்டுகளும் மாதிரிக்குத்தான், உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

"அன்புள்ள ஐயா,

வணக்கம். பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது இரண்டு சந்தேகங்கள் வந்தன. ஒரே மாநாட்டுக்கு 41ஆம் பக்கத்தில் 1937 என்றும் 63ஆம் பக்கத்தில் 1938 என்றும் ஆண்டு இருக்கிறது. எதை வைத்துக்கொள்ளலாம்? 118ஆம் பக்கப் படத்துக்குக் கீழே போட உங்கள் பிரதியில் குறிப்பு இல்லை. என்ன போடட்டும்?

6ஆம் தேதி அனுப்பிய ஃபைல் ஒரே நீளமாக இருப்பதால் செல்போனில் படிக்கச் சிரமமாக இருக்கும். அதையே நான்கு பகுதிகளாகப் பிரித்து இத்துடன் இணைத்திருக்கிறேன். பக்க எண்ணில் எந்த மாற்றமும் இல்லை. தாளில் பார்ப்பது வசதி என்றால் சொல்லுங்கள், பிரிண்ட் எடுத்து கூரியரில் அனுப்பிவிடுகிறேன்.

அச்சகத்தில் 26ஆம் தேதி திங்கட்கிழமை பிளேட் போடுகிறார்கள். திருத்தங்களைப் பக்கங்களில் ஏற்ற எனக்கு இரண்டு நாள் வேண்டும். அதனால் 22 வியாழக்கிழமைக்குள் கிடைத்தால் சரியாக இருக்கும். பார்த்து முடித்த பகுதியை மட்டும் முதலில் அனுப்பினாலும் நான் வேலையைத் தொடங்கிவிடுவேன். கூடுதல் நாட்கள் தேவை என்றால் சொல்லுங்கள், அச்சகத்தில் இப்போதே பேசித் தேதியைத் தள்ளிவைக்கிறேன்.

அன்புடன்,"

இதில் "பதில்" என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு வாரம் ஆனதும் இல்லை. 6ஆம் தேதி ஓர் அடையாளமாக மட்டும் வருகிறது, எந்த ஃபைல் என்று சொல்ல. மன்னிப்பும் இல்லை. "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று தொடங்கினால் அவரும் "தாமதத்துக்கு மன்னிக்கவும்" என்று தொடங்க வேண்டிய கட்டாயம் வந்துவிடுகிறது. நியாயமான காரணத்தோடு எழுதும் மெயிலில் எதற்கு மன்னிப்பு?

நான்கு பகுதிகளாகப் பிரிப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. இந்த ஒரு வாரத்தில் நீங்கள் சும்மா இருந்திருக்க மாட்டீர்கள், அங்கங்கே சில பிழைகளைத் திருத்தியிருப்பீர்கள். அந்தத் திருத்திய வடிவத்தைப் பிரித்து அனுப்பிவிடாதீர்கள். அவர் பழைய பிடிஎஃப்பை அச்சிட்டுச் சிவப்பு மை போட்டுக்கொண்டிருந்தால், ஒரு பத்தி அடுத்த பக்கத்துக்கு நகர்ந்தாலே அவர் குறித்த பக்க எண்கள் உங்களோடு பொருந்தாது. 6ஆம் தேதி போன அதே ஃபைல்தான் போக வேண்டும். வெட்டும் இடமும் கட்டுரை முடிகிற இடமாக இருக்கட்டும். ஏறக்குறைய ஐம்பது ஐம்பது பக்கமாக வந்தால் போதும், சமமாக வர வேண்டியதில்லை. ஒவ்வொரு கட்டுரையும் புதுப் பக்கத்தில் தொடங்குகிறது என்றால் முதல் பகுதியில் அவர் இரண்டு வரி சேர்த்தாலும் அது பெரும்பாலும் அந்தக் கட்டுரையின் கடைசிப் பக்கத்து வெற்றிடத்தில் அடங்கிவிடும், அடுத்த பகுதிகள் அசையாது.

தேதியைப் பற்றி. உங்களுக்குத் தேதி சொல்லக் கூச்சமாக இருக்கலாம். சொல்லாமல் விடுவதுதான் உண்மையில் மரியாதைக் குறைவு, ஏனென்றால் 25ஆம் தேதி நீங்கள் பதறிக்கொண்டு போன் செய்வீர்கள். தேதி குற்றச்சாட்டாகத் தெரிவது, அது எங்கிருந்து வருகிறது என்று சொல்லாதபோதுதான். "22க்குள் அனுப்பவும்" என்றால் கட்டளை. பிளேட் போடுகிற நாளையும் உங்களுக்குத் தேவையான இரண்டு நாளையும் சொல்லிவிட்டால் 22 என்பது கணக்கில் வந்த எண். பல புத்தகங்கள் போட்டவருக்குப் பிளேட் என்றால் என்னவென்று தெரியும். ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் 16 பக்கம் ஒரு ஃபாரம் என்று வைத்தால் உங்கள் புத்தகம் சரியாகப் 13 ஃபாரம். பிளேட் போட்ட பிறகு ஓர் எழுத்தை மாற்றினாலும் அந்தப் பிளேட்டைத் திரும்பப் போட வேண்டும். வியாழன் என்று குறித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளியும் சனியும் உங்கள் வேலைக்கு, ஞாயிறு ஏதாவது பிசகினால் சமாளிக்க.

தேதியைத் தள்ளிவைக்கிறேன் என்ற வரி மட்டும், உங்களால் முடியும் என்றால்தான் இருக்க வேண்டும். மெயிலுக்கு முன்னால் அச்சகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். புத்தகக் காட்சியையொட்டிய டிசம்பர் மாதமாக இருந்தால் அச்சகத்தில் இடம் நழுவினால் மறுபடி கிடைப்பது கஷ்டம். அப்போது அந்த வரியை எடுத்துவிட்டு, "இந்தத் தேதியை விட்டால் அச்சகத்தில் அடுத்த இடம் எப்போது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை" என்று உள்ளதைச் சொல்லிவிடுவது மேல்.

"பதில் வராவிட்டால் திருத்தம் எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்" என்று எழுதச் சிலர் யோசனை சொல்வார்கள். மெய்ப்பு விஷயத்தில் வேண்டவே வேண்டாம். இது மிரட்டலாகவும் ஒலிக்கும், ஆயிரம் பிரதி அச்சான பிறகு அவருடைய பெயரிலேயே பிழை என்றால் அந்த வாக்கியம் உங்களைக் காப்பாற்றவும் செய்யாது. சின்ன விஷயங்களுக்கு இதன் மென்மையான வடிவத்தை வைத்துக்கொள்ளலாம்: "தலைப்பு எழுத்துருவை இப்போதைக்கு இப்படி வைத்திருக்கிறேன், 22 வரை மாற்றிக்கொள்ளலாம்." அதில் எதையும் அவர் இழப்பதில்லை.

அனுப்பும் முறையில் கவனிக்க அதிகம் இல்லை. பழைய மெயிலைத் திறந்து அதற்கே `Reply` கொடுங்கள், அவர் முகவரி மேலே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பொருள் வரியை மாற்றாதீர்கள். மாற்றினால் ஜிமெயில் அதைத் தனி உரையாடலாகப் பிரித்துவிடும், அவர் பழைய ஃபைலைத் தேட வேண்டியிருக்கும். பதிப்பாளரை `Cc` போடாதீர்கள். முதல் மெயிலில் இல்லாத ஒருவர் இரண்டாவது மெயிலில் தோன்றினால், உள்ளே எவ்வளவு இனிமையாக எழுதியிருந்தாலும் பஞ்சாயத்துக்கு ஆள் கூட்டி வந்தது போல்தான். `Bcc` அதைவிட மோசம். அந்தப் பதிப்பாளர் தெரியாமல் எல்லோருக்கும் பதில் போட்டுவிட்டால் தீர்ந்தது கதை. இரவு பதினொன்றரைக்கு எழுதி முடித்தால் `Schedule send` இருக்கிறது, காலை ஒன்பதரைக்கு வைத்துவிட்டுத் தூங்குங்கள். மெயிலைத் திறந்தாரா இல்லையா என்று வேவு பார்க்கும் கருவிகள் உண்டு, அவற்றின் பக்கம் போகாதீர்கள். திறந்தார் என்று தெரிந்தால் உங்கள் அடுத்த வாக்கியத்தில் அது கசியாமல் இருக்காது.

அப்புறம் போன். வயதில் பெரியவர், மெயிலை வாரத்துக்கு இரண்டு முறை பார்க்கிறவராக இருக்கலாம். இந்த மெயில் போய் இரண்டு நாள் கழித்து, அதாவது வெள்ளிக்கிழமை காலை பத்தரை, பதினொன்றுக்கு ஒரு போன் செய்வதில் தவறே இல்லை. ஆனால் முதல் வாக்கியம் முக்கியம். "ஐயா, மெயில் பார்த்தீங்களா?" என்று கேட்டால் அவர் 'பார்த்தேன்' அல்லது 'பார்க்கவில்லை' என்று வாக்குமூலம் கொடுக்க வேண்டும். இரண்டில் எதைச் சொன்னாலும் அவருக்குச் சங்கடம். "ஐயா, நான் அனுப்புன ஃபைல் உங்களுக்குத் திறந்துச்சா?" என்று கேளுங்கள். இதில் குற்றவாளி ஃபைல். அவர் பார்க்கவே இல்லை என்றாலும், "அதான் தம்பி, இந்த போன்ல ஒண்ணும் தெரியல" என்று கௌரவமாக வெளியே வர ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசல் பொய்யாக இருந்தாலும் உங்களுக்கென்ன? "சரிங்கய்யா, நாளைக்கே பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பண்ணி அனுப்பிடறேன்" என்று முடித்துவிடுங்கள். இருநூறு பக்கத்துக்கான ஜெராக்ஸ் கடைச் செலவு, மறுபடி போடும் ஒரு பிளேட்டுக்கு முன்னால் பெரிதல்ல.

போனிலும் பிடிகொடுக்கவில்லை, 22 தாண்டுகிறது என்றால் அதற்குமேல் நீங்கள் எழுத எதுவும் இல்லை. பதிப்பாளரிடம் "ஐயாவுக்குக் கூடுதல் நாள் தேவைப்படும் போலிருக்கிறது, 26ஐ என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். தேதியைத் தள்ளுவதா, அவரே நேரில் போய்ப் பார்ப்பதா என்பது அவர் முடிவு. உடல்நலமில்லை, வீட்டில் ஏதோ விசேஷம், பதிப்பாளரோடு ராயல்டி விஷயத்தில் மனக்கசப்பு என்று உங்களுக்குத் தெரியாத ஏதாவது அங்கே இருக்கலாம். மௌனம் மனக்கசப்பினால் என்றால் எந்த மெயிலும், எவ்வளவு பக்குவமாக எழுதினாலும் அதைத் திறக்காது. அது உங்கள் வாக்கியத்தின் குறையும் அல்ல.

அநேகமாக அவ்வளவு தூரம் போகாது. இன்னும் இரண்டு மூன்று நாளில் "தாமதத்துக்கு வருந்துகிறேன்" என்று தொடங்கி ஒரு மெயில் வரும். அதற்கு "பரவாயில்லை ஐயா, ஒரு வாரம்தானே" என்று எழுதிவிடாதீர்கள். இவ்வளவு நேரம் தவிர்த்த கணக்கை அந்த ஒரு 'தானே' கொண்டுவந்து நடுவில் வைத்துவிடும். "கிடைத்தது ஐயா. முதல் பகுதியை இன்று ஏற்றிவிடுகிறேன், மாலையில் திருத்திய பக்கங்களை அனுப்புகிறேன்" என்று நேரே வேலைக்குப் போய்விடுங்கள். அவர் சிவப்பு மை போட்ட பக்கங்களைப் பேரனை விட்டுப் போட்டோ எடுத்து, கோணல்மாணலாக, நாற்பது படங்களாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள். "டைப் செய்து மெயிலில் அனுப்ப முடியுமா?" என்று கேட்டீர்கள் என்றால் அடுத்த ஒரு வார மௌனம் அங்கேயே தொடங்கிவிடும்.